திரிபலாப் பொடி வயிற்றில் என்ன செய்கிறது, யாருக்கு அது ஆகாது

கோட்டாறில் எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பலர் பெயர் சொல்லிக் கேட்கிற ஒரே சூரணம் திரிபலாதான். "வயிறு சரியா போகல்ல அண்ணே, திரிபலா ஒரு நூறு கிராம் தாங்க" என்பார்கள். கேட்பவர் மனதில் அது ஒரு பேதிப் பொடி. ஆனால் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் தெரிவது துவர்ப்பு. நாக்கும் உள்கன்னமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

துவர்ப்பு கட்டும் சுவை. வயிற்றோட்டம் என்றால் நம் வீடுகளில் மாதுளைத் தோட்டையோ கொய்யாக் கொழுந்தையோ கொடுப்பது அதனால்தான். அப்படியிருக்க இவ்வளவு துவர்க்கிற பொடி மலத்தை எப்படி இளக்குகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எவ்வளவு சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம், யார் தொடக்கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் உலர்த்தி, கொட்டை நீக்கி, சம எடை எடுத்து இடித்துச் சலித்தால் திரிபலாச் சூரணம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சம எடைக் கலவைதான். ஒரு கடுக்காய்க்கு இரண்டு தான்றி, நான்கு நெல்லி என்றொரு கணக்கும் உண்டு. அது காய்களின் எண்ணிக்கைக் கணக்கு என்பது பல வைத்தியர்கள் சொல்லும் விளக்கம். கடுக்காய் பெரிது, நெல்லி வற்றல் காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால் எண்ணிப் போட்டாலும் எடை ஏறக்குறைய சமமாகவே வரும். இதை எடைக் கணக்காக எடுத்துக்கொண்டு நெல்லியை நான்கு மடங்கு போட்டால் புளிப்பு தூக்கலான, கடுக்காய் வேலை குறைந்த வேறொரு பொடிதான் கிடைக்கும்.

கடுக்காய்

வயிற்றைப் பொறுத்தவரை இந்த மூன்றில் மூத்தது கடுக்காய். ஐந்து வரிப்புடைப்பு கொண்ட, மஞ்சளும் பழுப்புமான, கல் போல் காய்ந்த காய். உடைத்தால் வெளியே கெட்டியான சதைத் தோடு, உள்ளே வலுத்த கொட்டை. மருந்து தோட்டில் இருக்கிறது. கொட்டை ஆகாது. 'கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு' என்று சித்த வைத்தியத்தில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். கடுக்காயின் உள்ளே இருப்பதை எடு, சுக்கின் மேல்தோலைச் சீவு என்பது அதன் பொருள். மலிவாக விற்கிற பொடிகளில் கொட்டையோடு அரைத்தது கலந்திருக்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று மரத்தூள் போல் இருக்கும். நல்ல பொடி மாவு போல் விரல் ரேகையில் ஒட்டும்.

கடுக்காய்த் தோட்டில் மிகுதியாக இருப்பது டானின். தோல் பதனிடுவதற்கும் துணிச் சாயத்துக்கும் கடுக்காயைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இதுவே. டானின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். வாயில் துவர்ப்பாகத் தெரிவதும், குடலின் உட்பரப்பில் கட்டும் வேலை செய்வதும் இந்த இறுக்கம்தான். ஆனால் அதே தோட்டில் குடலைத் தள்ளிவிடும் பொருள்களும் இருக்கின்றன. நிலாவாரையில் இருக்கிற மலமிளக்கிச் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்தவை கடுக்காயிலும் சிறிதளவு இருப்பதாக ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். டானினும் போன வழியே அப்படியே வெளியேறுவதில்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேறு சிறு சேர்மங்களாக மாற்றுகின்றன. ஆக ஒரே காயில் பிடிக்கிற வேலையும் தள்ளுகிற வேலையும் அடங்கியிருக்கின்றன. எது மேலோங்கும் என்பதை அளவும் பக்குவமும் தீர்மானிக்கின்றன.

பக்குவம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவபிரகாசம் என்ற ஆயுர்வேத நூலில் கடுக்காயைப் பற்றி ஒரு செய்யுள் இருக்கிறது. கடித்து மென்றால் பசித்தீயைத் தூண்டும். அரைத்துச் சாப்பிட்டால் மலத்தை வெளியேற்றும். அவித்துச் சாப்பிட்டால் கட்டும். வறுத்துச் சாப்பிட்டால் மூன்று தோஷங்களையும் சமப்படுத்தும் என்பது அதன் சாரம். காய் ஒன்றுதான், கையாளும் விதம் நான்கு. திரிபலாவில் நாம் சாப்பிடுவது அரைத்த கடுக்காய், அதாவது மலம் கழிக்கச் சொன்ன வடிவம். கட்டும் சுவை கொண்ட பொடி இளக்குகிறதே என்ற நம் முதல் கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. கஷாயமாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதும் பொடியாக விழுங்குவதும் ஒன்றல்ல என்பதும் இதிலிருந்தே புரியும். கஷாயத்தில் தண்ணீரில் கரைவது மட்டும் இறங்குகிறது. நாரும் சக்கையும் வடிகட்டியில் தங்கிவிடுகின்றன. வயிறு கழிய வேண்டும் என்பவருக்குப் பொடியே ஏற்றது.

தான்றி

தான்றியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கலவையில் மற்ற இரண்டையும் போல் தன்னை முன்னே காட்டாத காய் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் ஓங்கி வளரும் மரம். காய் உருண்டையாக, மேலே சாம்பல் நிற வெல்வெட் போல் பொசுபொசுவென்றிருக்கும். முற்றாத காய் பேதியாக்கும், முற்றிக் காய்ந்தது கட்டும் என்பது பழைய வைத்திய அனுபவம். திரிபலாவில் சேர்வது முற்றிக் காய்ந்தது. எனவே இங்கே அதன் வேலை கடுக்காயின் தள்ளலுக்கு ஒரு கடிவாளம் போடுவது. சளி, கபம், தொண்டைக்கட்டு ஆகியவற்றுக்கும் தான்றியைத் தனியாகக் கொடுப்பார்கள். மலத்தோடு சளி போல் வழுவழுவென்று போகிறது என்று சொல்பவருக்கு வைத்தியர் தான்றியைச் சற்றுக் கூட்டுவதுண்டு. இதன் பருப்பையும் நீக்கியே ஆக வேண்டும். அதிகம் தின்றால் மயக்கம் தரும் என்பார்கள்.

நெல்லி

நெல்லி வற்றலை மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி என்போம். கறுத்துச் சுருங்கிய துண்டுகள். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து, தண்ணீர் குடித்ததும் இனிக்கும். கடுக்காய் உஷ்ணம், நெல்லி குளிர்ச்சி என்பது சித்தம், ஆயுர்வேதம் இரண்டும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. கடுக்காயை மட்டும் தொடர்ந்து சாப்பிடும் சிலருக்கு வயிற்றில் காந்தல், ஆசனவாயில் எரிச்சல் வரும். நெல்லி சேர்ந்தால் அது மட்டுப்படும். இந்த மூன்று காயையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும் இடம் இது: ஒன்று தள்ளுகிறது, ஒன்று பிடிக்கிறது, ஒன்று எரியவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

நெல்லி என்றதும் வைட்டமின் சி நினைவுக்கு வரும். பச்சை நெல்லியில் அது நிறைய உண்டு, சரி. ஆனால் வெயிலில் காய்ந்து, இடித்து, மாதக் கணக்கில் டப்பாவில் கிடந்த பொடியில் அது பெருமளவு குறைந்துபோயிருக்கும். வைட்டமின் சி வேண்டுமென்றால் பச்சை நெல்லியைக் கடித்துச் சாப்பிடுங்கள். திரிபலாவை அதற்காக வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு, எப்போது

பெரியவர்களுக்கு வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 3 கிராம் வரும். கூம்பாக அள்ளினால் அது 5 கிராமுக்குக்கூட ஏறும். 'ஒரு ஸ்பூன்' என்று கேட்டுப் போனவர்கள் மறுநாள் நான்கு முறை போனதாகச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கூம்புதான். முதல் தடவை சாப்பிடுகிறவர் அரைத் தேக்கரண்டியில் தொடங்க வேண்டும். ஒரு டம்ளர் இளஞ்சூடான தண்ணீரில் கலக்கி, அடியில் தங்குவதோடு சேர்த்துக் குடித்துவிட வேண்டும். மேலே இன்னும் அரை டம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. பொடியை உலர்ந்தபடியே வாயில் போட்டு ஒரு மடக்கு தண்ணீர் மட்டும் குடித்தால் தொண்டையில் பிடிக்கும். குடலிலும் அதற்குத் தண்ணீர் கிடைக்காது.

வேலை தெரிவதற்குப் பொதுவாக ஓர் இரவு ஆகும். அதனால்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுப்பதற்கு முன் என்று சொல்வது வழக்கம். ஆனால் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் காலை ஒரே நேரத்தில் விடிவதில்லை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நன்றாக இருட்டியிருக்கும்போதே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டால் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருக்கும்போது வயிறு கூப்பிடும். அங்கே அடக்கிக்கொள்வார்கள், அடக்கியதால் மறுபடி மலம் இறுகும். அப்படிப்பட்டவர்களிடம் மாலை ஆறரை, ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துப் பொடியைச் சாப்பிடச் சொல்வேன். கிளம்புவதற்கு முன் கழிப்பறையில் பத்து நிமிடம் உட்கார நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

மூன்று நாள் பார்த்தும் அசைவில்லை என்றால் தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கு ஏற்றலாம். மலம் உருவமாக, சிரமமில்லாமல் போனால் அதுவே உங்கள் அளவு. தண்ணீராகப் போனால் அளவு கூடிவிட்டது. ஒரு நாள் விட்டு, பாதியாகக் குறைக்க வேண்டும். அரைத் தேக்கரண்டிக்கே வயிற்றைப் பிசைந்து வலித்துப் பேதியானால் பொடியையே சந்தேகப்படுங்கள். சில கலவைகளில் வேகமாக வேலை தெரிவதற்காக நிலாவாரை சேர்த்திருப்பார்கள். பெயர் என்னவோ திரிபலா என்றுதான் பெரிய எழுத்தில் இருக்கும். டப்பாவின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் மூன்றுக்கு மேல் இருந்தால் அது வேறு மருந்து.

மாத்திரை வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். 500 மில்லிகிராம் மாத்திரையில் வெறும் பொடியை அழுத்தியிருந்தால் ஆறு மாத்திரை சேர்ந்தால்தான் 3 கிராம். சாறு எடுத்துச் சுண்டவைத்த மாத்திரை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும்.

இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் நம்முடையது. ஆனியிலும் ஐப்பசியிலும் பொடி ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாகும், பூஞ்சை பிடிக்கும். சூரணத்துக்கு மூன்று மாத ஆயுள் என்பது சித்த வைத்திய வழக்கு. டப்பாவில் அச்சடித்திருக்கும் தேதி அதைவிட நீளமாக இருக்கலாம், ஆனால் அது மூடி திறக்காத டப்பாவுக்கானது. நூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். புழுங்கிய வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

இரும்புக் கரண்டியும் இரும்பு மாத்திரையும்

யாருக்கு ஆகாது என்பதற்குப் போகும் முன் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அரை டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி திரிபலாவைக் கலக்கித் தெளியவிட்டால் மேலே தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும். அதில் துருப்பிடித்த பழைய இரும்பு ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆணியைச் சுற்றிக் கருநீலம் படரும். மறுநாள் பார்த்தால் தண்ணீர் முழுக்க மை. டானினும் இரும்பும் சேர்ந்தால் இந்தக் கறுப்பு வரும். அந்தக் காலத்தில் கடுக்காயிலிருந்து எழுதும் மை காய்ச்சியது இந்த முறையில்தான். இது பொடியின் சுத்தத்துக்கான சோதனை அல்ல, கவனிக்கவும். தேயிலைத் தண்ணீரில் ஆணியைப் போட்டாலும் கறுக்கும். டானினுக்கு இரும்பின் மேல் இருக்கும் பிடிப்பைக் கண்ணால் காட்டுவதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இப்போது கடைக்கு வந்த ஓர் அக்காவின் கதை. திருவட்டாறு பக்கம், நாற்பத்தைந்து வயதிருக்கும், பால் வெட்டும் வேலை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உதிரப்போக்கு அதிகமாகி, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்திருக்கிறது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரவு சாப்பிட்டபின் ஒன்று. சில நாளில் மலம் இறுகிவிட்டது. இரும்பு மாத்திரை பலருக்கு இப்படிச் செய்யும். மலம் கறுப்பாகவும் போகும். நாத்தனார் சொன்னபடி திரிபலா வாங்கி, மறக்காமல் இருக்க வேண்டும் என்று மாத்திரையையும் பொடியையும் ஒரே டம்ளர் தண்ணீரில் முடித்துக்கொண்டிருந்தார். வயிறு சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.8.

இரும்பு மாத்திரை ஒழுங்காக உடம்பில் சேர்ந்தால் ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். இங்கே இரண்டு மாதத்தில் அரைக் கிராம்கூட ஏறவில்லை. அடுத்த தடவை பொடி வாங்க வந்தபோது இதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

"மாத்திரைய எப்ப போடுறீங்க அக்கா?"

"ராத்திரிதான். பொடியோட சேத்து."

"டீ?"

"தோட்டத்துல இருந்து வந்ததும் ஒண்ணு, அப்புறம் ரெண்டு."

டீயில் இருக்கும் டானின் இரும்பை உறிஞ்சவிடாது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். திரிபலாவில் டானின் அதைவிடச் செறிவு. ஆணியைச் சுற்றி நடந்தது குடலுக்குள் மாத்திரையைச் சுற்றியும் நடக்கிறது. பிடித்துக்கொண்ட இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு போய்விடுகிறது. நெல்லியில் வைட்டமின் சி இருக்கிறதே, அது இரும்பை ஏற்றுக்கொள்ள உதவுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பச்சை நெல்லி தனியாக என்றால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. உலர்ந்த பொடியில் அந்த வைட்டமின் மிச்சம் இருப்பது கொஞ்சம், டானினோ மூன்று காயிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை நேரத்தை மாற்றுவது மருத்துவர் முடிவு என்பதால் அவரிடமே கேட்டு வரச் சொன்னேன். பொடி சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். அவர் மாத்திரையைக் காலை வேலை முடிந்து வந்தபின், எலுமிச்சைச் சாற்றோடு, டீக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போடச் சொன்னார். உதிரப்போக்குக்கும் தனியாக மருந்து கொடுத்தார். திரிபலா மாலை ஏழு மணிக்கு, அரைத் தேக்கரண்டி மட்டும். அடுத்த இரண்டு மாதத்தில் 10.6. இதில் பொடியை விலக்கி வைத்ததன் பங்கு எவ்வளவு, டீயை விலக்கி வைத்ததன் பங்கு எவ்வளவு, உதிரப்போக்கு குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரும்பு மாத்திரையும் திரிபலாவும் ஒரே கையில் ஏந்தக்கூடியவை அல்ல என்பதில் சந்தேகமில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் இதே விதியைப் பின்பற்றுவது நல்லது: மாத்திரை விடியற்காலை வெறும் வயிற்றில், பொடி இரவில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது.

யாருக்கு ஆகாது

கடுக்காயின் நான்கு பக்குவத்தைச் சொன்ன அதே பாவபிரகாசம், யார் அதைச் சாப்பிடக்கூடாது என்றும் ஒரு செய்யுளில் சொல்லிவிடுகிறது. வழி நடந்து களைத்தவர், பலம் குன்றியவர், உடல் வறண்டவர், மெலிந்தவர், பட்டினியால் இளைத்தவர், பித்தம் மிகுந்தவர், கர்ப்பிணி, ரத்தம் இழந்தவர். 'இயற்கை மருந்து, யாருக்கும் ஒன்றும் செய்யாது' என்று கடைக்கு வந்து சொல்பவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் சொல்லிக் காட்டுவேன். எழுதி வைத்தவர்களே அப்படிச் சொல்லவில்லை.

கர்ப்பிணிகளுக்குத் திரிபலா வேண்டவே வேண்டாம். கர்ப்ப காலத்தில் மலச்சிக்கல் சகஜம், அப்போதுதான் இரும்பு மாத்திரையும் கொடுக்கிறார்கள் என்பதால் ஆசை வரும். குடலைத் தூண்டும் பொருள் கருப்பையையும் தூண்டலாம் என்ற பழைய அச்சம் ஒரு காரணம். கருவுக்கு இது பாதுகாப்பு என்று காட்டப் போதிய ஆய்வு இல்லாதது இன்னொரு காரணம். பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்ப்பதே சரி. அந்தக் காலத்தில் மலச்சிக்கல் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கென்றே பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வைத்தியர் நேரில் பார்த்து அளவு சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

களைத்தவர், வறண்டவர் என்று அந்தச் செய்யுள் சொல்வது இன்றைக்கு நீரிழப்பு என்று நாம் சொல்வதுதான். வெயிலில் வலை இழுத்துவிட்டு, கட்டிட வேலை முடித்துவிட்டு, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும் உடம்புக்குத் திரிபலா கொடுத்தால் இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுக்கும். வயிற்றோட்டம் இருக்கும்போது 'வயிற்றைச் சுத்தம் செய்கிறேன்' என்று இதைச் சாப்பிடுவதும் அப்படித்தான். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ சிறுநீர் போகிற மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் பல பொட்டாசியத்தை ஏற்கெனவே குறைக்கின்றன, பேதியானால் அது மேலும் குறையும். பொட்டாசியம் குறைந்தால் கால் பின்னும், இதயத் துடிப்பு தடுமாறும். எண்பது வயதுப் பாட்டாவுக்குப் பேரன் அன்போடு கலக்கிக் கொடுக்கிற ஒரு கூம்புக் கரண்டி அவரை இரவில் கழிப்பறை வாசலில் தலைசுற்றி விழவைக்கப் போதும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் திரிபலாவும் சாப்பிடுகிறார்கள். நெல்லிக்கும் கடுக்காய்க்கும் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் தன்மை உண்டு என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதோடு இதையும் சேர்த்து, இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டால் நள்ளிரவில் வியர்த்து, நடுக்கம் எடுத்து எழ நேரலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குப் பிரச்சினை வேறு: அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றை இளக்கும். அதற்கு மேல் திரிபலா சேர்ந்தால் எது காரணமென்றே தெரியாமல் தொடர்ந்து பேதியாகும். சாப்பிடத்தான் வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல், முதல் வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் என்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தவிர்த்துவிடுங்கள். நெல்லி ரத்தத் தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

பித்தம் மிகுந்தவர் என்பதை நெஞ்செரிச்சல், குடல்புண் உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளலாம். நெல்லியின் குளிர்ச்சியை நம்பி இவர்கள் வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு வந்து எரிகிறது என்பார்கள். புண் ஆறும்வரை வேண்டாம்.

இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும், தண்ணீரும் குடித்தும், பொடியை நிறுத்தினால் மறுபடி அடைத்துக்கொள்கிறது என்றால் அளவைக் கூட்டாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். அந்த அக்காவுக்கு இரும்பு மாத்திரை காரணமாக இருந்ததைப் போல கால்சியம் மாத்திரை, சில வலி மாத்திரைகள், தைராய்டு சுரப்புக் குறைவு எல்லாம் மலத்தை இறுக்கும். கோட்டாறிலேயே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

சில நேரங்களில் நான் பொடி எடுத்துக் கொடுப்பதே இல்லை. வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், வாந்தியும் வலியும் இருந்தால் அது குடலடைப்பாக இருக்கலாம்; அந்த நேரத்தில் எந்த மலமிளக்கியும் ஆபத்து. வலது அடிவயிற்றில் தொடங்கிய கூர்மையான வலிக்கும் அப்படித்தான். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலச்சிக்கல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, 'மூலம்தான், திரிபலா போட்டா சரியாகும்' என்று அவர்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். மூலமாகவும் இருக்கலாம், பெருங்குடல் புற்றாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல எனக்கும் தெரியாது, பொடிக்கும் தெரியாது. அவர்களை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதித்துவிட்டு வரச் சொல்வேன். மூலம் என்று உறுதியாகி, இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால், சீட்டைக் காட்டுங்கள், எந்த நேரத்துக்கு எது என்று டப்பாவின் மேலேயே பேனாவால் எழுதித் தருகிறேன்.